வினாவில் பிழையா? அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்கும் முறை

"என் மகள் வலங்கைமானில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பொதுத்தேர்வு வினாத்தாளில் அச்சுப் பிழையோ குழப்பமான வினாவோ இருந்தால் கண்காணிப்பாளரிடம் கேட்கலாமா? திட்டுவார்களோ என்று பயப்படுகிறாள்."

தாராளமாகக் கேட்கலாம். வினாத்தாளின் முதல் பக்கத்து அறிவுரையே, அச்சுப்பதிவில் குறையிருந்தால் அறைக் கண்காணிப்பாளரிடம் உடனடியாகத் தெரிவிக்கச் சொல்கிறது. எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்கத் தரும் 10 நிமிடம் இதற்கு மிகவும் ஏற்றது. அப்போதே எல்லாப் பக்கங்களையும் புரட்டி, வினா எண்கள் விடுபடாமல் வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இடத்தைவிட்டு எழாமல் கையை உயர்த்த வேண்டும். அருகில் வந்ததும் வினா எண்ணை விரலால் காட்டி, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பக்கத்து மாணவியின் தாளை எட்டிப் பார்த்துவிடக் கூடாது. அது வேறு குற்றமாகிவிடும். "சார், இந்த எண் மங்கலாக இருக்கிறது, வேறு தாளில் பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் உதவலாம். மங்கிய எழுத்தைப் படித்துக் காட்டலாம், பக்கம் விடுபட்டிருந்தால் வேறு தாள் வரவழைக்கலாம். "இதற்கு என்ன அர்த்தம்?", "இந்த வினா தப்புதானே?" என்று கேட்டால், "உனக்குப் புரிந்தபடி எழுது" என்றுதான் சொல்வார். அதைக் கடுமை என்று எண்ண வேண்டாம். ஓர் அறையில் மட்டும் விளக்கம் சொன்னால் மற்ற அறைகளில் எழுதுவோருக்கு அநீதி. அதிலும், அவர் அந்தப் பாட ஆசிரியராக இருக்க மாட்டார்.

எல்லாத் தாள்களிலும் ஒரே பிழை இருந்தால்தான் சிக்கல். உருளை வடிவ நெற்குதிர் ஒன்றின் கன அளவைக் கேட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். உயரம் 10 அடி. தமிழில் 'ஆரம் 7 அடி', ஆங்கிலத்தில் 'விட்டம் 7 அடி' என்று இருக்கிறது. முதலாவதை எடுத்தால் விடை 1540 கன அடி, இரண்டாவதை எடுத்தால் 385. எது சரி என்று அறைக் கண்காணிப்பாளர் சொல்ல முடியாது. முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தகவல் அனுப்புவார். மேலிடத்திலிருந்து திருத்தம் வந்தால் மட்டும் அறிவிப்பார். அதற்காகக் காத்திருக்காமல் மற்ற வினாக்களை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். திருத்தம் வராவிட்டால், "தமிழ் வினாவில் உள்ளபடி ஆரம் 7 அடி எனக் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைப் போடலாம்.

வினாவை மட்டும் விட்டுவிடவே கூடாது. பிழையான வினாவுக்கு மதிப்பெண் தர முடிவானாலும், அதை எழுத முயன்றவர்களுக்கு மட்டும் என்றே பலமுறை அறிவித்திருக்கிறார்கள். வினா எண்ணை மட்டுமாவது எழுதியவர்களுக்குக் கிடைத்ததும் உண்டு. எண்ணே இல்லாத விடைத்தாளில் திருத்துபவர் எதற்கு மதிப்பெண் போடுவார்?

தேர்வு முடிந்த அன்றே வினாத்தாளைப் பாட ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். விடைக்குறிப்பு இறுதியாகும் முன் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குத் தெரிவிக்க அவரால் முடியும்.