கொழுப்பைக் குறைக்கும் ஃபைப்ரேட் மருந்து எடுத்தும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1,500-க்குக் கீழே வரவில்லை. குடிப்பழக்கம் கிடையாது. ஏன்?

நான் மருத்துவர் இல்லை. என் தம்பியின் நோயோடு வருஷக்கணக்கில் போராடியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். "அப்படியென்றால் ஏன் பதில் சொல்கிறாய்" என்று சண்டைக்கு வர வேண்டாம்.

உங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே இந்த அளவு இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கும் அப்படித்தான். இந்தக் கொழுப்பால் வந்த கணைய அழற்சியோடு படுத்திருந்தவனிடம் வந்தவர் போனவர் எல்லாம் "எவ்வளவு குடிப்பீங்க?" என்றுதான் கேட்டார்கள். குழாயில் எடுத்த ரத்தம் பால் கலந்த மாதிரி வெளுத்து நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் மரபணுப் பரிசோதனையில்தான் விடை கிடைத்தது. சாப்பிட்ட கொழுப்பு, குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற துகள்களாக ரத்தத்தில் இறங்கும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உருவாகும் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் (எல்.பி.எல்.) என்ற நொதி, ரத்தத் தந்துகிகளின் உள்சுவரில் நின்று அந்தத் துகள்களில் இருக்கும் ட்ரைகிளிசரைடை உடைக்கும். அப்போ சி-2 என்ற புரதம் அதற்குத் துணை. அப்போ சி-3, ஏஎன்ஜிபிடிஎல்-3 என்ற இரண்டு புரதங்களும் அந்த நொதிக்குத் தடை.

ஃபைப்ரேட் எல்.பி.எல். உற்பத்தியைக் கூட்டும், அப்போ சி-3-ஐக் கொஞ்சம் குறைக்கும். தம்பிக்கு எல்.பி.எல். மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுது. வேலை செய்யாத நொதியைக் கூடுதலாகச் செய்து என்ன பயன்?

ஏஎன்ஜிபிடிஎல்-3-ஐ அடக்கும் எவினாகுமாப் மருந்திலும் இதே சிக்கல்தான். பூட்டை அவிழ்த்தாலும், உள்ளே உயிரோடு ஒரு நொதி இருந்தால்தானே வேலை நடக்கும். ட்ரைகிளிசரைடைப் பொறுத்தவரை இவனைப் போன்றவர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

அப்போ சி-3 கதை வேறு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், எல்.பி.எல். வேலை செய்யாத மூன்று பேருக்கு அந்தப் புரதத்தின் உற்பத்தியைத் தடுக்கும் வொலானெசார்சென் கொடுத்தார்கள். ட்ரைகிளிசரைடு 56 முதல் 86 சதவீதம் வரை இறங்கியது. நொதியே இல்லாமல் எப்படி? துகள்களைக் கல்லீரல் நேரடியாக இழுத்துக்கொள்வதையும் அப்போ சி-3 மறிக்கிறது. அது குறைந்ததும் அந்த வழி திறந்துகொள்கிறது. அதே வழியில் செயல்படும் ஒலெசார்செனுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தம்பிக்கு இன்னும் கைக்கு எட்டவில்லை. ஒரு நாளைக்கு 20 கிராமுக்குள் கொழுப்பு என்ற கட்டுப்பாட்டில்தான் அவன் ஓடுகிறான்.

ஆனால் இந்தப் பிறவிக் குறை பத்து லட்சத்தில் ஓரிருவருக்குத்தான். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தைராய்டு குறைபாடு, ஈஸ்ட்ரோஜன் அல்லது ஸ்டீராய்டு மருந்துகள் இவற்றாலும் 1,500 வரும். அவர்களுக்கு நொதி ஓரளவு இருப்பதால், காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். முதலில் அவற்றைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் லிப்பிட் நிபுணரிடம் எல்.பி.எல். மரபணுப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதற்குள் கடுமையான மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கணைய அழற்சியைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் அமைலேஸ் என்ற நொதியின் அளவு சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் திரும்பி வராதீர்கள். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்தால் அந்த அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும்.