அடியை √n-ஆல் வகுங்கள்

கேள்வி: ஒரு நொடிக்கு n அடி வைக்கும் சமவாய்ப்பு நடையைக் கணினியில் வரைந்தேன். அடியின் நீளம் 1/n. n-ஐக் கூட்டக் கூட வரைபடம் தட்டைக் கோடாகிவிடுகிறது. பிரௌனியன் இயக்கம் எங்கே? 1, 4 நொடிகளில் அதன் இடங்களான B(1), B(4) இரண்டும் ஒன்றையொன்று சாராதவைதானே?

பதில்: முதலில் அடியின் நீளத்தைத் திருத்துங்கள். காசு சுண்டி +1 அல்லது −1 என வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் சராசரி 0, பரவற்படி (வேரியன்ஸ்) 1. சார்பற்ற அடிகளைச் சேர்க்கும்போது கூடிக்கொண்டே போவது பரவற்படி; திட்டவிலக்கம் அதன் வர்க்கமூலம் மட்டுமே. அதனால் 100 அடி முடிந்தபின் நடை புறப்பட்ட இடத்திலிருந்து விலகியிருப்பது ஏறத்தாழ 10 அலகு. நீங்கள் அதை 100-ஆல் வகுத்து 0.1 ஆக்கிவிட்டீர்கள். 10,000 அடியில் விலகல் 100. 10,000-ஆல் வகுத்தால் 0.01. கோடு தட்டையாகாமல் என்ன செய்யும்?

அடியின் நீளத்தை 1/√n என வையுங்கள். t நேரத்தில் nt அடிகள், ஒவ்வொன்றின் பரவற்படியும் 1/n. ஆக மொத்தம் t. n எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. √n-ஐவிட வேகமாக வளரும் எண்ணால் வகுத்தால் நடை சுருங்கிப்போகும், மெதுவாக வளரும் எண்ணால் வகுத்தால் எல்லையின்றிச் சிதறும். மைய எல்லைத் தேற்றப்படி, ஒரு குறிப்பிட்ட t-யில் நடையின் இடம் இயல்நிலைப் பரவலை நெருங்குகிறது. தனித்தனி நேரங்களில் மட்டுமல்ல, முழுப் பாதையுமே பரவல் அளவில் பிரௌனியன் இயக்கத்தை நெருங்குகிறது என்று 1951-இல் நிறுவியவர் மன்றோ டான்ஸ்கர். 'பரவல் அளவில்' என்பதைக் கவனியுங்கள்: நீங்கள் வரைந்த ஒரு பாதை, n கூடும்போது ஏதோ ஒரு நிலையான வளைவில் போய் நிற்கும் என்று இதற்குப் பொருள் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை: இல்லை. சார்பற்றவை நகர்வுகள், இடங்கள் அல்ல. n = 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். B(1) என்பது முதல் 100 அடிகளின் கூட்டல், B(4) முதல் 400 அடிகளின் கூட்டல். முதல் 100 அடிகள் இரண்டுக்கும் பொது. அந்தப் பொது அடிகள் மட்டுமே கோவேரியன்ஸுக்குப் பங்களிக்கும்: 100 × 1/100 = 1. பொதுவாக s, t என்ற இரு நேரங்களுக்கு அது min(s, t), அதாவது இரண்டுக்கும் பொதுவான நேரம். B(1)-இன் திட்டவிலக்கம் 1, B(4)-இன் திட்டவிலக்கம் 2. எனவே ஒட்டுறவுக் கெழு 0.5.

B(4) − B(1) என்ற நகர்வோ 101-ஆவது அடியில்தான் தொடங்குகிறது. அதற்கும் B(1)-க்கும் பொது அடி ஒன்றுகூட இல்லை. ஆகவே அவை சார்பற்றவை. B(1) = 2 என்று தெரிந்துவிட்டால், B(4)-இன் சராசரி 2, பரவற்படி 3. ஆனால் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சார்பின்மை போய்விடும்: B(3)-க்கும் B(4) − B(1)-க்கும் 1 முதல் 3 வரை பொது, கோவேரியன்ஸ் 2.

இதைப் புறக்கணிக்கும் நிரல்கள் இரு வகையில் தவறுகின்றன. ஒன்று, ஒவ்வொரு t-க்கும் பரவற்படி t உள்ள புதிய இயல்நிலை எண்ணை எடுப்பது. மற்றொன்று, சராசரி 0, பரவற்படி 1 உள்ள ஒரே ஒரு இயல்நிலை எண் Z-ஐ எடுத்து எல்லா நேரத்துக்கும் √t·Z என்று எழுதுவது. எந்த ஒரு நேரத்தில் பார்த்தாலும் இரண்டின் பரவலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. முதலாவது, 1 முதல் 1.01 வரையிலான நகர்வின் பரவற்படியை 0.01-க்குப் பதில் 2.01 ஆக்குகிறது, பாதை அறுந்து தாவுகிறது. இரண்டாவதில் முதல் நகர்வு தெரிந்தாலே மீதி முழுவதும் தெரிந்துவிடும்.

கோவேரியன்ஸைக் கணக்கிட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும்:

```python
import numpy as np
n = 100
adi = np.random.choice([-1, 1], size=(20000, 4*n))
B = adi.cumsum(axis=1) / np.sqrt(n)
print(np.mean(B[:, n-1] * B[:, 4*n-1]))
```

20,000 பாதைகளுக்கு விடை பெரும்பாலும் 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் வரும். உங்கள் நிரலில் இதே சராசரி 0-க்கு அருகில் வந்தால் ஒவ்வொரு நேரத்துக்கும் புதிய எண் எடுத்திருக்கிறீர்கள். 2-க்கு அருகில் வந்தால் ஒரே Z-ஐ நீட்டியிருக்கிறீர்கள்.