படத்தில் இருப்பது ஸ்பைடர்மேனா, வேஷம் போட்டவரா?

ஸ்பைடர்மேன் உடை வாங்கினேன். கடைப் படத்தில் நெஞ்சும் தோளும் கட்டுமஸ்தாக இருந்தன. வந்தது தொளதொள பைஜாமா. முகமே தெரியாத உடையில், படத்தில் நிற்பது சினிமா நாயகனா, காஸ்ப்ளே செய்பவரா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

முகம் தெரியாவிட்டால் தலையைப் பாருங்கள். துணி முகமூடியை மட்டும் மாட்டினால் மூக்கும் தாடையும் காதும் புடைத்துக்கொண்டு தெரியும். சினிமாவிலும் ஓவியத்திலும் தலை வழவழவென்று இருக்கும். அதே வடிவம் வேண்டும் என்கிற காஸ்ப்ளேயர்கள் துணிக்குள் ஃபேஸ் ஷெல் என்ற கெட்டியான முக ஓடு ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். மலிவான உடையோடு அது பெரும்பாலும் வராது.

அடுத்தது கண். ஷெல்லில் பொருத்திய கண் அசையாது. இயந்திரம் வைத்த முகமூடிகளும் உண்டு, ஆனால் விலை எங்கேயோ இருக்கும். ஒரே விளம்பரத்தில் ஒரு படத்தில் கண் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருந்தால், ஒன்று சினிமாவிலிருந்தோ வீடியோ கேமிலிருந்தோ சுட்டதாக இருக்கலாம்.

அப்புறம் விலாவுக்கு வாருங்கள். இந்த உடைகள் பெரும்பாலும் வெள்ளை ஸ்பான்டெக்ஸில் வலையை அச்சடித்து, வெட்டித் தைத்தவை. பக்கவாட்டுத் தையலிலும் தொடையின் உட்புறத்திலும் வலைக்கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும். முட்டியை மடக்கினால் துணி இழுபட்டு, அடியிலுள்ள வெள்ளை லேசாக எட்டிப் பார்க்கும். பின்கழுத்திலிருந்து ஜிப் இறங்கும். வரைந்த நாயகனுக்கு இதெல்லாம் கிடையாது. ஆகவே குறை தெரிகிற படத்தைத்தான் நம்ப வேண்டும். அது யாரோ உண்மையில் உடுத்திய துணி.

நீங்கள் பார்த்த தசை, துணியில் அச்சடித்த நிழலாகவும் இருக்கலாம். கையைத் தூக்கியபடி எடுத்த படத்தில் பாருங்கள். உடம்பு நகர்ந்த பிறகும் நிழல் பழைய கோட்டிலேயே நின்றால் அது வெறும் சாயம். நிழலோடு சேர்ந்து துணியும் மேடு தட்டினால், படத்தில் நிற்பவர் உள்ளே பஞ்சுத் தசை வைத்த இன்னோர் உடையையும் போட்டிருக்கலாம். அதைத் தனியாக வாங்க வேண்டும்.

உங்கள் மேல் தப்பில்லை. விளம்பரப் படத்தையும் வந்த உடையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டிலும் விலாத் தையலும் தலையும் தெரியட்டும்.

படத்தில் விக், பூட்ஸ், வாள் எல்லாம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து வருமா?

பட்டியலில் எழுதியிருப்பது மட்டும்தான் வரும்.

நானே ஃபோமை வெட்டி, சூடுகாட்டி வளைத்துச் செய்த கவசத்தோடு நிற்கும் என் படத்தை ஒரு விற்பனையாளர் போட்டு, அச்சடித்த துணியை விற்கிறார். வாங்கியவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிற விஷயம் இது. வாங்குபவர் காசை இழக்கிறார், நீங்கள் பெயரை இழக்கிறீர்கள், படத்தைத் திருடியவர் மட்டும் நிம்மதியாக இருக்கிறார். நானும் ஒருமுறை இப்படியொரு படத்தைப் பார்த்து விக் வாங்கினேன். படத்தில் முன்நெற்றியில் லேஸ் வைத்து, முடி தோலிலிருந்தே முளைத்த மாதிரி இருந்தது. வந்ததில் வகிடு எடுத்தால் தைத்த வலைப்பட்டைதான் தெரிந்தது. விற்றவர் பதிலே போடவில்லை.

பெரும்பாலான நாடுகளில் படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான், படத்தில் நிற்பவருக்கு அல்ல. அதனால் உங்களைப் படமெடுத்தவரையே அந்த விற்பனைத் தளத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். மூலப் படக் கோப்பு அவரிடம்தான் இருக்கும். நீங்கள் செய்யும்போது எடுத்த படங்கள், அதாவது வெட்டிய ஃபோம், சாயம் பூசாத கவசம், இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கவச விளிம்பின் தடிமனும் ஒட்டிய கோடும் தெரியும் நெருக்கப் படம் ஒன்றையும் வெளியிடுங்கள். துணியில் அச்சடித்த கவசத்துக்கு விளிம்பே இருக்காது என்று வாங்குபவர்களுக்குப் புரியும்.

உயரத்தை மட்டும் பார்த்து உடல் ஒட்டிய உடை வாங்கினேன். நின்றால் தொடையிடுக்கில் இழுக்கிறது. ஐந்து நட்சத்திரம் இருந்ததே?

நட்சத்திரம் உங்கள் உடம்பை அளந்ததா? தோளிலிருந்து கால் நடுவே போய்ப் பின்பக்கமாக அதே தோளுக்கு வரும் சுற்றளவுதான் இந்த உடைக்கு முக்கியம். அளவு அட்டவணையில் அது இல்லாவிட்டால் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அட்டவணையைத் திறக்கவே இல்லை என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

விற்பனையாளரிடம் என்னதான் கேட்பது?

உடையை உள்புறம் திருப்பி எடுத்த படம். விலாத் தையல், ஜிப் இரண்டும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு தாளில் அன்றைய தேதி. சாக்குப்போக்குச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.