விட்டதை அன்றைக்கே பிடிக்கப் போடும் டிரேடு

கேள்வி: நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்கிறேன், முதல் 2 லட்சம். காலையில் சின்ன நஷ்டம் வந்தாலும் அதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று அடுத்தடுத்து டிரேடு போட்டு, மாதமே கெட்டுப்போகிறது. எப்படி நிறுத்துவது?

முதலில் உங்கள் புரோக்கர் தளத்திலிருந்து டிரேடுபுக்கை இறக்கி, நஷ்டமான நாட்களை மட்டும் பாருங்கள். நஷ்டத்தில் வெளியேறிய நேரத்துக்கும் அடுத்து உள்ளே போன நேரத்துக்கும் எத்தனை நிமிட இடைவெளி? லாட் கூடியிருக்கிறதா? இடைவெளி சுருங்கி, லாட் பெருத்திருந்தால் அந்த டிரேடு விட்டதைப் பிடிக்கப் போட்டதுதான். சார்ட்டில் என்ன காரணம் தெரிந்தது என்று பிறகு சொல்லிக்கொள்வதை நம்ப வேண்டாம்.

இப்படிப்பட்ட ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாட் 75 என்று வைத்துக்கொள்வோம் (இது அவ்வப்போது மாறும்). காலையில் 120 ரூபாய்க்கு ஒரு லாட் வாங்கி, 94-இல் ஸ்டாப்லாஸ் அடிக்கிறது. நஷ்டம் 1,950, அதாவது 2 லட்சத்தில் ஒரு சதவீதத்துக்குள். திட்டமிட்டபடி நடந்த, எந்தக் குறையும் இல்லாத டிரேடு இது. ஐந்து நிமிடத்தில் அதே ஆப்ஷனில் இரண்டு லாட். 25 புள்ளி இறங்கி 3,750 போகிறது. மதியம், அன்று எக்ஸ்பைரி என்பதால், 40 ரூபாய் ஆப்ஷன் மலிவாகத் தெரிகிறது. பத்து லாட், ஸ்டாப்லாஸ் இல்லை. 12 ரூபாய்க்கு விற்கும்போது 21,000 காலி. நாளின் மொத்த நஷ்டம் 26,700. இதில் காலை டிரேடின் பங்கு 1,950 மட்டுமே.

மிச்சமுள்ள 1,73,300-ஐ மீண்டும் 2 லட்சமாக்க 15 சதவீதத்துக்கு மேல் லாபம் வேண்டும். மறுநாள் பெரிய லாட்டில் உட்கார வைப்பது இந்தக் கணக்குதான். மாதம் கெடுவது இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் முதலுக்கு நான் சொல்லும் நஷ்ட வரம்பு இது: ஒரு டிரேடில் 2,000, ஒரு நாளில் 4,000, ஒரு மாதத்தில் 12,000. நாள் வரம்பில் மூடிய நஷ்டத்தோடு திறந்திருக்கும் பொசிஷனின் நஷ்டத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். மூடினால் வரம்பு முடிந்துவிடும் என்பதற்காகவே நஷ்டப் பொசிஷனை மூடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வரம்பே நஷ்டத்தை வளர்க்கும். இன்னொன்று, என்எஸ்இயில் ஆப்ஷனுக்கு எஸ்எல்-எம் ஆர்டர் கிடையாது, லிமிட் விலையோடுதான் ஸ்டாப்லாஸ் போட முடியும். விலை அதைத் தாண்டிக் குதித்தால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும். அப்போது காத்திருக்காமல் கையால் வெளியேறுங்கள். 4,000 சில நேரம் 4,500 ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பு முடிந்ததும் உங்கள் மன உறுதியை நம்பி உட்காராதீர்கள். சூடான தலைக்கு எந்த விதியும் நினைவில் நிற்காது. பல புரோக்கர்களிடம் கில் ஸ்விட்ச் இருக்கிறது. எல்லா பொசிஷனையும் மூடி, நிலுவை ஆர்டர்களை ரத்து செய்துவிட்டு அதை அழுத்தினால் அன்றைக்கோ சில மணி நேரத்துக்கோ டிரேடு போட முடியாது. உங்கள் புரோக்கரிடம் எவ்வளவு நேரம் என்று இன்றே பார்த்து வையுங்கள். இரண்டாவது புரோக்கரிடம் கணக்கு இருந்தால் இந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லை, அதை மூடிவிடுங்கள். டிரேடிங் கணக்கில் மொத்த 2 லட்சத்தையும் வைக்கவும் வேண்டாம். ஒரு லாட் வாங்கத் தேவையான பணத்துக்குச் சற்று மேல், 20,000 போதும். மற்றதை வங்கிக்கு எடுத்துவிடுங்கள். 20,000 இருக்கும் கணக்கில் அந்தப் பத்து லாட்டை வாங்கவே முடியாது, அதற்கு 30,000 வேண்டும். ஆனால் யுபிஐயில் நிமிடத்தில் பணம் ஏற்றலாம் என்பதால், அங்கிருந்து டிரேடிங்கோடு இணைக்காத வேறொரு வங்கிக் கணக்குக்கு அதை மாற்றிவிடுங்கள்.

மறுநாள் அளவைப் பாதியாக்கு என்பார்கள். ஒரு லாட்டில் ஆடுபவருக்கு அது முடியாது. அதற்குப் பதில் மறுநாள் ஒரே ஒரு டிரேடு, லாபமோ நஷ்டமோ அத்தோடு சரி. 12,000 தொட்டால் அடுத்த மாதம் வரை பணம் போடாமல் தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று முழு நஷ்ட நாள் வந்தாலே இந்த வரம்பு வந்துவிடும், அப்புறமும் கையில் 1,88,000 இருக்கும். அதை மீட்க சுமார் 6.4 சதவீதம் போதும்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: இந்த விதிகள் நஷ்டத்தின் வேகத்தைத்தான் குறைக்கும், லாபத்தைக் கொண்டுவராது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே 2024-இல் அறிக்கை வெளியிட்டது. வரம்புக்குள் நின்றும் மூன்று மாதம் தொடர்ந்து 12,000 போனால், கோளாறு விட்டதைப் பிடிக்கும் பழக்கத்தில் இல்லை, உங்கள் டிரேடு முறையிலேயே இருக்கிறது. அப்போது எஃப் அண்ட் ஓவை நிறுத்திவிடுங்கள்.