எக்ஸ் கணக்கின் பின்னணிப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

"எக்ஸில் About this account பக்கத்தில் சேர்ந்த தேதி, நாடு, பெயர் மாற்றம் எல்லாம் காட்டுகிறார்களே, எதற்கு?"

ஒருவரின் ப்ரொஃபைலில் Joined என்று இருக்கும் தேதியைத் தட்டினால் இந்தப் பக்கம் திறக்கும். 2025 நவம்பரில் வந்தது. ஒரு நாட்டுக்காரர் போலப் பேசிக்கொண்டு வேறெங்கிருந்தோ நடத்தப்படும் கணக்குகளைப் படிப்பவரே அடையாளம் காணட்டும் என்பதுதான் நோக்கம்.

இதில் எனக்கு நாட்டைவிடப் பெயர் மாற்ற வரிதான் முக்கியம். யூசர்நேமை மாற்றினாலும் கணக்கின் உள் எண் மாறாது. அதனால் ஃபாலோயர்களும் சேர்ந்த தேதியும் அப்படியே தங்கிவிடும். பழைய கணக்கை விலைக்கு வாங்குபவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

"உடனடிச் செய்திகள்" என்று ஒரு கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். சேர்ந்தது 2012, ஃபாலோயர்களும் ஏராளம். பார்த்தால் நம்பத் தோன்றும். ஆனால் யூசர்நேம் நான்கு முறை மாறியிருக்கிறது, கடைசியாகப் போன மாதம். அப்படியானால் அந்தக் கூட்டம் சேர்ந்தது வேறு ஏதோ பெயருக்கு. பழைய பெயர் என்ன என்று அந்த வரி சொல்லாது, எத்தனை முறை, கடைசியாக எப்போது என்பது மட்டும்தான். பழைய பதிவுகளுக்கு வந்த பதில்களைத் தேடினால் சில சமயம் பழைய @பெயர் சிக்கும்.

நாடு மட்டும் கொஞ்சம் வழுக்கும். விபிஎன் போட்டால் மாறலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு குறி வரும். நாட்டுக்குப் பதில் பிராந்தியத்தை மட்டும் காட்டவும் செட்டிங்ஸில் வழி உண்டு.