பண்டிகைக்கால வீட்டுச் சுத்திகரிப்பு: அளவும் பொருட்களும்

கேள்வி: "600 சதுர அடி வரை 9,000 ரூபாய், 1000 வரை 14,000, பொருட்கள் அனைத்தும் உட்பட" என்ற தீபாவளி விளம்பரத்தைப் பார்த்து அழைத்தோம். எங்களுடையது வெளியே 22க்கு 25 அடி வீட்டுத்திட்ட வீடு. விறாந்தை 8க்கு 12. வந்து அளந்துவிட்டு 14,000 கேட்கிறார்கள். (கிளிநொச்சி)

பதில்: வெளிச்சுவரோடு அளந்தால் 550, விறாந்தை 96, மொத்தம் 646 சதுர அடி வருகிறது. ஆனால் துடைக்கப்படுவது தரைதான், சுவரின் தடிப்பு அல்ல. சுவர்கள் அரை அடித் தடிப்பென்றால் உள்ளளவு 21க்கு 24, அதாவது 504. விறாந்தையையும் சேர்த்தால் 600. அறைகளைப் பிரிக்கும் சுவர்களைக் கழித்தால் இன்னும் குறையும். ஆகவே நீங்கள் 9,000 ரூபாய்ப் பிரிவுக்குள்தான் நிற்கிறீர்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வெளியே இருக்கும் கழிப்பறையும் சமையலறையும் அந்த விலைக்குள் அடங்குமா என்பதையும் வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைபேசி எண் மட்டும் போட்டிருக்கிறார்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டி அனுப்பினால் கழிவு தருகிறார்களாம். அனுப்பலாமா? (வவுனியா)

பதில்: அனுப்பக் கூடாது.

கேள்வி: சுத்தம் செய்துவிட்டுப் போனபின் சிவப்புச் சீமெந்துத் தரையில் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. எதைப் பூசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. (முல்லைத்தீவு)

பதில்: கேட்டிருக்க வேண்டும். "பொருட்கள் உட்பட" என்ற சொல் எந்தப் பொருள் என்பதைச் சொல்வதில்லை, பலவேளைகளில் அது கழிப்பறை கழுவும் அமிலமாகவே இருக்கிறது. எங்கள் பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்தது. அது குழாயிலும் மாபிளிலும் விடும் வெள்ளைப் படிவை அமிலம் நொடியில் கரைத்துவிடுவதால் வேலை விரைவாக முடிகிறது. ஆனால் சீமெந்தும் சுண்ணாம்புச் சேர்மங்களால் ஆனதே என்பதால் அமிலம் தரையையும் சேர்த்தே அரிக்கிறது. திட்டின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்து, விட்ட நீர்த்துளியும் உடனே உறிஞ்சப்பட்டால் அது அழுக்கன்று, அரிப்பு. கழுவுவதால் அது போகாது. இதே காரணத்தால் நானும் ஒரு பொங்கலுக்கு முதல்வாரம், குறைந்த விலையை நம்பி, என் தாயார் பல ஆண்டுகள் மெழுகித் தேய்த்த தரையை இழந்தேன். மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து மீண்டும் சாயமிடச் சுத்திகரிப்புக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகச் செலவானது. அந்த அமிலத்துடன் வெளிற்றும் நீர் கலந்தால் நச்சான குளோரின் வாயு எழும் என்பதால், போத்தல்களை வாசலிலேயே வாங்கிப் பார்த்து, அமிலத்தைக் கழிப்பறைக் கோப்பையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். விளம்பரப் படத்தையும், தரையின் படங்களையும், பற்றுச்சீட்டையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தாமதியாமல் எழுத்தில் முறையிடுங்கள்; அழைப்பிலக்கம் 1977. பற்றுச்சீட்டு தரப்படவில்லையெனில் இப்போதே கேளுங்கள், கேட்டால் கொடுப்பது வணிகரின் சட்டக் கடமை.