ஆசிட் கசிந்தது ஒரு மூலையில், ஆபத்து இருப்பது இன்னொரு மூலையில்

கேள்வி: எங்கள் கோடவுனில் மூன்று பேர் சரக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தின்னர், 200 லிட்டர் டிரம் நான்கு. இன்னொருவர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேன்களும், பக்கத்து வரிசையில் பிளீச்சிங் திரவக் கேன்களும் வைத்திருக்கிறார். மூன்றாமவருடையது அட்டைப் பெட்டியில் நோட்டுப் புத்தகங்கள். போன மாதம் ஐந்து அடுக்காக வைத்திருந்த ஆசிட் கேன்களில் அடிக் கேன் பிளந்து, ஆசிட் ஓடி நாற்பது நோட்டுப் பெட்டிகள் வீணாகிவிட்டன. அவர் என்னிடம் நஷ்டஈடு கேட்கிறார். ஆசிட்காரர் "கேன் உங்கள் பொறுப்பு" என்கிறார். சாவி என்னிடம்தான் இருக்கிறது, அடுக்கியதும் என் ஆட்கள்தான். நான்தான் கொடுக்க வேண்டுமா? மூன்றையும் எவ்வளவு தள்ளி வைத்தால் சட்டப்படி சரி?

பதில்: உங்கள் கவலை ஆசிட் பற்றியது. எனக்கு முதலில் உறுத்துவது அந்த நான்கு டிரம்தான். அதை முடித்துவிட்டு நஷ்டஈட்டுக்கு வருகிறேன்.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் பெட்ரோல், டீசலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹைட்ரோகார்பன் திரவம் எதுவும், அது கலந்த எரியக்கூடிய கலவை எதுவும் அந்தச் சட்டத்தின் பார்வையில் பெட்ரோலியம்தான். எந்த வகுப்பு என்பதைத் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் குறைந்தபட்ச வெப்பநிலை, முடிவு செய்கிறது. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் 'ஏ' வகுப்பு. 23 முதல் 65-க்குள் என்றால் 'பி'. டொலுயீன் கலந்த தின்னர் பெரும்பாலும் 'ஏ'-வில்தான் விழும், ஏனென்றால் டொலுயீனுக்கு அது 4 டிகிரி அளவில் இருக்கிறது. 'ஏ' வகுப்பை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம், அதுவும் விற்பனைக்கு இல்லாதபோது மட்டும். உங்களிடம் இருப்பது 800 லிட்டர், விற்பனைச் சரக்கு. பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மினரல் டர்பென்டைன் என்றால் பொதுவாக 'பி' வகுப்பு. மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளாததாகவும் இருந்தால் அதற்கு உரிமம் வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி டிரம்மில்தான் வரும். வித்தியாசம் தயாரிப்பாளர் தரும் எம்எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தகவல் தாளின் 9-ஆம் பகுதியில் இருக்கும்.

எனவே தின்னரை எத்தனை அடி தள்ளி வைப்பது என்ற கேள்வியே இப்போது எழவில்லை. 'ஏ' வகுப்பு என்றால் சரக்கு உரிமம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும், அல்லது நீங்கள் உரிமம் எடுக்க வேண்டும். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது; தரையோடு தவழ்ந்து போய், எங்கோ இருக்கும் சுவிட்ச் பொறியில் பற்றி, டிரம்முக்கே திரும்பி வரும். இடையில் இருபது அடி காலியாக விடுவது அதைத் தடுக்காது. சுவரும், சிந்தியது வெளியே ஓடாத தடுப்பும், தரை மட்டத்தில் காற்றோட்டமும்தான் தடுக்கும்.

சரி, நஷ்டஈடு. சாவி உங்களிடம் இருப்பதால் நீங்கள் இடத்தை வாடகைக்கு விட்டவர் ஆகமாட்டீர்கள். சரக்கை ஒப்படைப்பாகப் பெற்றவர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151-இன்படி சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சரக்குக்கு எடுக்கும் கவனத்தை நீங்கள் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் பிரிவு 152 உங்களைக் காப்பாற்றும். ஆசிட்காரரே பூட்டுப் போட்டு, அவர் ஆட்களே அடுக்கியிருந்தால் கதை வேறு.

ஐந்து அடுக்கு என்பதை வைத்து இந்தக் கவனத்தை நிரூபிப்பது கஷ்டம். பிளாஸ்டிக் கேன் ஒரே நாளில் உடையாது. பளு தொடர்ந்து அழுத்த அழுத்த அடிக் கேன் மெல்லத் தளர்ந்து வயிறு புடைக்கும், மேல் அடுக்கு சாயும், பிறகு மடிப்பில் பிளக்கும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஐக்கிய நாடுகள் முறைப்படி அபாயப் பொருளுக்கான யு.என். முத்திரை கொண்ட பிளாஸ்டிக் கேனை 40 டிகிரி வெப்பத்தில் 28 நாள், மூன்று மீட்டர் அடுக்குக்குச் சமமான பளு ஏற்றிச் சோதிப்பார்கள். அதில் உற்பத்தி மாதமும் வருடமும் பொறித்திருக்கும். பொதுவாக ஐந்து வருடத்துக்கு மேல் அபாயப் பொருள் போக்குவரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பெட்டியிலோ கேனிலோ 'இத்தனை அடுக்கு' என்று எண் போட்டிருந்தால் அதுதான் உங்கள் வரம்பு. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான்.

எனவே நோட்டுக்காரருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிவரும் என்பதே என் கருத்து. ஆனால் முழுச் சுமையும் உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. உடைந்த கேனை எடுத்துப் பாருங்கள், தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முத்திரை தேய்ந்த, லேபிள் இல்லாத மறுபயன்பாட்டுக் கேன் என்றால் ஆசிட்காரரிடம் பிரிவு 150 பேசும். ஒப்படைப்பவர் தனக்குத் தெரிந்த, உங்களை அசாதாரண ஆபத்தில் தள்ளக்கூடிய குறையைச் சொல்லியே ஆக வேண்டும்; சொல்லாவிட்டால் அதனால் நேரடியாக வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளும் கலன் மேல் பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர், முகவரி போன்றவை இருக்க வேண்டும் என்கின்றன. கேன், எண்ணிக்கை, அடுக்கியிருந்த விதம் எல்லாவற்றையும் படம் எடுத்து, கேனைப் பத்திரப்படுத்திவிட்டு, ஆசிட்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்.

தீ காப்பீடு இதற்கு உதவாது. சேதம் தீயால் வரவில்லை. தீயே வந்திருந்தாலும் சிக்கல்தான். பாலிசி சாதாரணச் சரக்குக் கோடவுன் என்று எடுத்தது என்றால், ஆபத்தைக் கூட்டும் மாற்றத்தைச் சொல்லாமல் செய்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை வழக்கமான தீ பாலிசியிலேயே இருக்கிறது. ஆகவே சரக்கு வகையை இன்றே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள்.

இப்போது தூரம் பற்றி. உங்கள் மூலையில் பெரிய அபாயம் ஆசிட்டுக்கும் நோட்டுக்கும் நடுவில் இல்லை, ஆசிட்டுக்கும் பிளீச்சிங் திரவத்துக்கும் நடுவில். அன்று ஓடிய ஆசிட் எதிர்ப்பக்கம் போய் அந்தக் கேன்களும் கசிந்திருந்தால் குளோரின் வாயு வந்திருக்கும். இரண்டுக்குமே அரிக்கும் பொருள் லேபிள், யு.என். வகுப்பு 8, உலோகத்திலும் கையிலும் சொட்டும் படம். ஒரே லேபிள் என்பதால் ஒரே மூலையில் வைப்பதுதான் கோடவுன்களில் நடக்கும் தவறு. காஸ்டிக் சோடாவுக்கும் இதே கதைதான். எது எதனோடு ஆகாது என்பது எம்எஸ்டிஎஸ் 10-ஆம் பகுதியில் இருக்கிறது, எப்படி வைப்பது என்பது 7-இல். வழக்கில் நீங்கள் காட்டும் ஆதாரமும் அதுவே. ஆகவே அந்தத் தாள் இல்லாமல் சரக்கை உள்ளே எடுக்காதீர்கள்.

ஆசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் தனித்தனித் தொட்டித் தரையில், நடுவில் சுவரோடு வையுங்கள். தொட்டி, உள்ளே இருக்கும் மிகப்பெரிய கலனின் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகத் தாங்க வேண்டும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. நோட்டுப் பெட்டிகள் பேலட் மேல், தரை சரிவின் உயர்ந்த பக்கத்தில். ஆசிட் ஆவி தகர டிரம்மையும் இரும்பு ரேக்கையும் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் 'பி' வகுப்பு தின்னர் என்று தெரியவந்தாலும் அதை ஆசிட் அருகில் கொண்டுவர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ரசீதில் 'பெயிண்ட் சாமான்', 'கெமிக்கல்' என்றெல்லாம் எழுதி வாங்கியிருந்தால் அடுத்த லோடிலிருந்து நிறுத்துங்கள். பொருளின் பெயர், யு.என். எண், கேன் எண்ணிக்கை, அதிகபட்ச அடுக்கு, இந்த நான்கும் ரசீதில் வர வேண்டும், கீழே சரக்குக்காரர் கையெழுத்து. நோட்டுக்காரரிடம் சமரசம் பேசும்போது வழக்கறிஞர் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுப் பொறுப்பும் என்னுடையது' என்று அதில் ஒரு வரி இருந்தால், ஆசிட்காரரிடம் நீங்கள் கேட்கப் போவது அந்த வரியிலேயே போய்விடும்.